செருப்பைக் கழற்றிய பின் அரைமணி நேரம்

என் மனைவிக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த நாள் என் குறிப்பேட்டில் இருக்கிறது. மாத்திரை மாறிய நாள், ஊசி தொடங்கிய நாள் எல்லாம் இருக்கின்றன. அவளுடைய உள்ளங்காலில் உணர்ச்சி போன நாள் மட்டும் இல்லை. அது எந்த நாளிலும் போகவில்லை. இருவருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது.

போன கோடையில் சதுரங்கப்பட்டினம் கோட்டையை ஒட்டிக் கடற்கரையில் நடந்துவிட்டு வந்தோம். செருப்பை உதறியபோது ஒரு கிளிஞ்சல் துண்டு விழுந்தது. போகும்போதே உள்ளே புகுந்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் புண்ணில்தான் இடது காலின் இரண்டாவது விரல் போயிற்று. "அடுத்த புண் விரலோடு நிற்கும்னு சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். பிறகு அவளைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டார். தொட்டதும் சொல்ல வேண்டும். அவள் நான்கு முறை "தெரியுது" என்றாள். அதில் இரண்டு முறை இழை காலுக்கு அருகிலேயே இல்லை. அதை நான் அன்று எழுதவில்லை.

செங்கல்பட்டில், இத்தகைய கால்களுக்கென்றே செருப்பும் ஷூவும் செய்கிற கடைக்கு அனுப்பினார். முதல் முறை காலையில் போனோம். கடைக்காரர் அளவெடுக்க மறுத்துவிட்டார்.

"சாயங்காலமா வாங்க சார். இப்ப காலு தூங்கி எழுந்து ஃப்ரெஷா கீது. நடந்து வீங்கினப்புறம்தான் அதோட நெஜ சைஸு தெரியும்."

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை அது. பேருந்து நிலையத்தில் மாலை வரை உட்கார்ந்திருந்தோம். மகன் வெளிநாட்டிலிருந்து அழைத்தான். ஷூ வாங்க வந்திருக்கிறோம் என்றேன். "ஆன்லைன்ல போட்டிருக்கலாமேப்பா" என்றான்.

மாலையில் கடைக்காரர் அவளை வெள்ளைத்தாளில் நிற்க வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு பாதத்தையும் வரைந்தார். வலது கால் கொஞ்சம் பெரிது, அதற்குத்தான் அளவு. தாளை வெட்டி ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் போட்டுப் பார்த்தார். ஓரம் மடங்கினால் அது குறுகல். மூன்றாவது ஜோடியில் தாள் மடங்காமல் படுத்தது. விரல்களுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடமும் இருந்தது.

"உள்ள கைய வுட்டுப் பாருங்க சார். தையல் எங்கனா மாட்டுதா?"

மாட்டவில்லை. உள்துணி ஒரே துண்டாக, வழவழவென்று இருந்தது. பாதம் படும் மெத்தையை அழுத்தினால் அமுங்கி மெல்ல எழுந்தது. அடிப்பாகம் மட்டும் கெட்டி. முள்ளோ ஆணியோ ஏறாது. மேலே ஒட்டிப் பிரிக்கும் பட்டைகள் இரண்டு. வீட்டுக்குள் போட்டுக்கொள்ள அதே மெத்தை வைத்த செருப்பும் ஒரு ஜோடி கொடுத்தார். வெறுங்காலோடு ஓர் அடி வைக்கக் கூடாது என்றார்.

"சாமி ரூம்லயுமா?" என்றாள் அவள்.

"சாமி ஒண்ணும் சொல்லாதும்மா. டாக்டர்தான் கத்துவாரு."

அவள் நடந்து பார்த்துவிட்டு, "லூஸா இருக்கற மாதிரி இருக்கே" என்றாள்.

"உங்களுக்கு அப்டித்தாம்மா தோணும். பட்டைய இழுத்துக் கட்டிடாதீங்க. ஒரு விரலு உள்ள போவணும். மொத நாளு ஒரு மணி நேரம் போடுங்க, அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா ஏத்துங்க. டெய்லி காலப் பாருங்க. எங்கனா செவப்பு தெரிஞ்சா ஓடியாங்க."

தினமும் பார்ப்பதுதான் எங்களுக்குச் சிக்கலாயிற்று. மெட்டி போட்ட நாளுக்குப் பிறகு, முப்பத்தெட்டு ஆண்டுகளில் நான் அவள் காலைத் தொட்டதில்லை. கணவன் மனைவியின் காலைப் பிடிப்பதை யாராவது பார்த்தால் என்ன ஆவது என்பது அவள் கவலை. மாலையானால் எதிர்வீட்டு அம்மாள் வந்துவிடுவார். கதவும் திறந்தே இருக்கும். அவளாகப் பார்த்துக்கொள்ளக் கண் போதாது. கடைசியில், பால்காரர் வருமுன், காலை ஆறு மணிக்கு, கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கலாம் என்று ஒத்துக்கொண்டாள்.

தினமும் ஆறு மணிக்கு டார்ச் விளக்கும் கண்ணாடியுமாக உட்கார்ந்தேன். விரலிடுக்குகள், குதிகால், ஓரங்கள். புறங்கையால் தடவி எங்காவது சூடு இருக்கிறதா என்று பார்ப்பேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஷூவுக்குள்ளும் கைவிட்டுப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்று எழுதுவேன். இருபத்து மூன்று நாள் அப்படி எழுதினேன். ஒரு நாள்கூட விடவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் மாலை திருவிடந்தைக்குப் போய்த் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தபோது ஷூ நனைந்திருந்தது. ஈரக் காலோடு இருக்கக் கூடாது என்று, அவள் தடுக்குமுன் குனிந்து கழற்றினேன். முன்பட்டையைப் பிரிக்கவே முடியவில்லை. கடைசி வரை இழுத்து ஒட்டியிருந்தாள். இடது காலின் சுண்டுவிரல் அடியில், பக்கவாட்டில், புளியங்கொட்டை அளவுக்குச் சிவப்பு.

"ஏன் இப்படி இழுத்துக் கட்டின?"

"கட்டினாத்தாங்க போட்டிருக்கறதே தெரியுது. இல்லாட்டி கால் எங்க இருக்குன்னே தெரியல."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரைமணி கழிந்தும் சிவப்பு போகவில்லை. தொட்டால் அந்த இடம் மட்டும் சுட்டது. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நிறமும் இல்லை, சூடும் இல்லை. குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டி, நான் எழுதிய ஒவ்வொரு "ஒன்றுமில்லை"யையும் மறுபடி படித்தேன்.

மருத்துவரிடம் காட்டினோம், தோல் இன்னும் கெடவில்லை, ஷூவைச் சரிசெய்யும்வரை போட வேண்டாம் என்றார். அங்கிருந்து கடைக்குப் போய்க் குறிப்பேட்டை நீட்டினேன். கடைக்காரர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"நோட்டு சூப்பரா எழுதிக்கீறீங்க சார். ஆனா டைமு தப்பு. ராத்திரி பூரா படுத்துகினு இருந்த காலுல காலைல இன்னா தெரியும்? கழட்டின கையோட பாக்கணும். அரைமணில செவப்பு போச்சுனா சரி. போவலன்னா ஷூ அழுத்துதுன்னு அர்த்தம்."

சாயங்காலமாக வரச் சொன்னதே இவர்தான். அளவெடுப்பதற்குப் பொருந்துவது காலைச் சோதிப்பதற்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. எழுதியதில் பொய் எதுவும் இல்லை. இருபத்து மூன்று வரியும் பயனில்லாதவை.

அவர் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்தார், ஷூவில் குறையில்லை. பட்டை எதுவரை வரலாம் என்று வெளிப்பக்கம் பேனாவால் கோடு போட்டார். "இந்தக் கோட்டத் தாண்டாதீங்கம்மா. காலு சொல்றத நம்பாதீங்க, கோட்ட நம்புங்க."

நான்கு நாள் கழித்து மறுபடி ஷூ போட்டாள். அன்று மாலை ஆறே காலுக்குக் கழற்றினேன். கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்றார்.

"இன்னா சார், இந்த வயசுல காலப் புடிச்சாவுதா? எங்க வூட்டுல ஒரு மனுசன் கீறாரே, தண்ணிகூட மோந்து குடிக்க மாட்டாரு!"

மனைவி காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள். "அவரு நோட்டுல எழுதணும். விடுங்க" என்றாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அதன் பிறகு மாலைகளில் வருவது குறைந்தது. என் மனைவிக்கு இருந்த ஒரே பேச்சுத்துணை அவர்தான்.

சுண்டுவிரல் அடியில் இளஞ்சிவப்பாக ஒரு தடம். ஆறு நாற்பதுக்கெல்லாம் மறைந்துவிட்டது. எழுதிக்கொண்டேன். மற்றொரு கை அவள் உள்ளங்காலிலேயே இருந்தது. அவள் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதாங்க?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"இன்னும் இல்ல" என்றேன். கையை எடுக்கவில்லை. அவளுக்கு அது தெரியவில்லை.