சீட்டு எடுத்த காரணம்

என் சித்தி மகன் தையல்காரன். மாதம் ஐயாயிரம் வீதம் இருபது மாதம் கட்டும் லட்சச் சீட்டில் இரண்டு போட்டிருந்தான். மனைவிக்கு வயிற்றில் கட்டி என்றதும், மூன்றாம் மாதமே ஏலத்தில் முப்பதாயிரம் தள்ளி ஒரு சீட்டை எடுத்தான். கைக்கு வந்த எழுபதாயிரமும் ஆஸ்பத்திரிக்குப் போனது, அவளும் போய்விட்டாள். தவணை மட்டும் நிற்கவில்லை. மாதாமாதம் ஏலக் கழிவில் வந்த பங்கு போக, ஒவ்வொரு சீட்டுக்கும் எண்பத்துநாலாயிரம் கட்டி முடித்தான். கடைசி மாதம் எடுத்த இரண்டாவது சீட்டில், கமிஷன் போகத் தொண்ணூற்றைந்தாயிரம் வந்தது.

வரிக்கணக்கு எழுதுபவர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தார்.

"அண்ணே, ரெண்டாவது சீட்டுல பதினோராயிரம் லாபம், வரி உண்டு. முதல் சீட்டுல பதினாலாயிரம் நட்டம். அந்தப் பணம் கடைக்குப் போயிருந்தா நட்டத்தைக் கழிச்சு வரியே இல்லாம பண்ணிடலாம். தையல் மெஷின் வாங்கினதா எழுதிக்கவா?"

"அது ஆஸ்பத்திரிக்குப் போன பணம், தம்பி."

"தெரியும்ண்ணே. யாரு வந்து பாக்கப் போறா?"



"இருந்த வரைக்கும் அவளை மெஷின் மாதிரிதான் ஓட்டினேன். செத்த பிறகும் அப்படியே எழுதணுமா?"

அவர் பதினோராயிரத்தை வருமானத்தில் சேர்த்தார். அந்த வரிக்காக இவன் அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கடை திறந்தான்.