மன, மா

எனக்குக் கல்யாணம் நடந்தது கும்மிடிப்பூண்டியில், பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன மண்டபத்தில். ஐயர் இல்லை, ஓமம் இல்லை. உறுதிமொழி சொல்லி, மாலை மாற்றி, தாலி கட்டுகிற சுயமரியாதைக் கல்யாணம். அப்பா உயிரோடு இருந்தபோது அவருடைய தொழிற்சங்கத் தோழர்கள் வீட்டுக் கல்யாணங்கள் எல்லாம் இப்படித்தான் நடக்கும். எனக்கும் அப்படித்தான் வேண்டும் என்று அடம் பிடித்தேன். அடம் பிடிப்பதில் நான் கெட்டிக்காரி, அது ஊரறிந்த விஷயம்.

நான் கட்டிக்கொண்டவன் தெலுங்கன். ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு, சிப்காட்டில் வேலை. நானும் அங்கேதான், அதே கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தேன். எங்களுக்குள் பேச்செல்லாம் தமிழில்தான். அவன் தமிழில் தெலுங்கு வாடை அடிக்கும், ஆனால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவனுடைய அம்மாவுக்குத்தான் தமிழ் சுத்தமாக வராது. என் அம்மாவுக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது.

என் அம்மா மணவாள நகரில் தனியாக இருந்தாள். காக்களூர் தொழிற்பேட்டையில் பல வருஷம் நின்றுகொண்டே வேலை செய்து, கடைசியில் வாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. நான் ஒரே பிள்ளை. கல்யாணப் பேச்சு எடுத்த அன்றே அவனிடம் சொல்லிவிட்டேன், அம்மா நம்மோடுதான் இருப்பாள், அதற்குச் சம்மதம் என்றால் மேலே பேசலாம், இல்லையென்றால் இத்தோடு விட்டுவிடலாம் என்று. அவன் சரி என்றான். வாயால் சொன்னால் போதாது, மண்டபத்தில் நாலு பேர் முன்னால் உறுதிமொழியாகச் சொல்ல வேண்டும் என்றேன். அதற்கும் சரி என்றான்.

எங்கள் கல்யாணத்துக்குத் தலைமை தாங்க வந்த மாமா, அப்பாவோடு சங்கத்தில் இருந்தவர். அவர்தான் விளக்கினார். தமிழ்நாட்டில் இந்தக் கல்யாணத்துக்குச் சட்டம் கேட்பது ரொம்பக் கொஞ்சம்: சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் முன்னால், இரண்டு பேருக்கும் புரிகிற ஏதாவது ஒரு மொழியில், உன்னை மனைவியாக ஏற்கிறேன், உன்னைக் கணவனாக ஏற்கிறேன் என்று ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் செல்லும், தாலி கட்டினாலும் செல்லும். அதற்கு மேல் என்ன சொல்லிக்கொள்கிறீர்கள் என்பது உங்கள் பாடு என்றார்.

அதனால் எங்கள் பாட்டுக்கு நாங்களே எழுத உட்கார்ந்தோம். ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒவ்வொருவரும் இரண்டு தடவை சொல்வது என்று ஏற்பாடு. முதலில் தமிழில், எங்கள் பக்கத்து ஆட்களைப் பார்த்து. பிறகு தெலுங்கில், அவர்கள் பக்கத்தைப் பார்த்து. இரண்டிலும் ஒரே அர்த்தம் இருக்க வேண்டும், இங்கே ஒன்று கூடவும் கூடாது, அங்கே ஒன்று குறையவும் கூடாது.

சொல்வதற்குச் சுலபமாக இருந்தது, செய்யப் போனால் உயிர் போனது. தமிழ் வரைவில் அவன் என்னை "நீ" என்கிறான், நான் அவனை "நீங்கள்" என்கிறேன். அது எதற்கு என்று கேட்டேன். மரியாதைக்கு என்றான். அப்படியென்றால் நீயும் எனக்கு மரியாதை கொடு என்றேன். கடைசியில் இரண்டு பேருக்கும் "நீ", தெலுங்கில் இரண்டு பேருக்கும் "நுவ்வு" என்று முடிவானது.

அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார், சூளூர்பேட்டைக்காரர், இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. எங்கள் தமிழைக் காட்டாமல், அவன் எழுதிய தெலுங்கை மட்டும் அவரிடம் வாசித்துக் காட்டி, அதைத் தமிழில் சொல்லச் சொல்வேன். அவர் சொன்னதையும் எங்கள் தமிழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே கோணல் என்று தெரிந்துவிடும். சாப்பாட்டு இடைவேளையில் இதுதான் எங்களுக்கு வேலை.

ஒரே மாதிரி ஒலிக்கிற வார்த்தைகள்தான் பெரிய பேஜாரு. "உனக்குத் தேவை வரும்போது கூட இருப்பேன்" என்பதற்குத் தெலுங்கில் அவன் "அவசரம்" என்று போட்டிருந்தான். அவர்களுக்கு அவசரம் என்றால் தேவை. எங்கள் ஆட்கள் காதில் விழுந்தால், இவளுக்கு எப்போது அவசரம் வரும், இவன் எதற்குக் கூடப் போகிறான் என்று மண்டபமே சிரிக்கும். ஆபத்துக்கு "பிரமாதம்" என்று வந்தது. பிரமாதத்தில் உன்னைக் காப்பாற்றுவேன் என்றால் எங்கள் அத்தைமார்கள் என்ன நினைப்பார்கள்? இரண்டையும் மாற்றி, இரண்டு பக்கமும் உறுத்தாத சொல்லாகப் போட்டோம்.

இன்னொன்றும் அக்கா பிடித்தார். "நீ" என்று எழுதிய கையோடு "உன் அம்மா" என்பதை அப்படியே "நீ அம்ம" என்று என் அரைகுறைத் தெலுங்கில் நானே போட்டிருந்தேன், அவர்களுக்கு நீ என்றால் உன். அக்கா காதைப் பொத்திக்கொண்டார்.

"அய்யய்யோ, அது வசவும்மா. புருஷனையே நுவ்வுன்னு சொன்னாலும் அம்மாவ மீ அம்மன்னுதான் சொல்லணும்."

வார்த்தைக்கு வார்த்தை சமமாக வைத்தால் அர்த்தம் நாறிப்போகும் என்று அன்றுதான் உறைத்தது. தமிழிலும் "உங்க அம்மா" என்று மாற்றி இரண்டையும் சரிக்கட்டினோம்.

கடைசி வாக்கியம்தான் எனக்கு முக்கியம். "உங்க அம்மா நம் வீட்டில் நம்மோடு இருப்பார்." இரண்டு பேரும் மற்றவருடைய அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டியது. தமிழில் நம் வீடு வேறு, எங்கள் வீடு வேறு. நம் என்றால் கேட்கிற ஆளும் அதில் உண்டு, எங்கள் என்றால் கேட்கிற ஆள் வெளியே. தெலுங்கிலும் அப்படியே இரண்டு இருக்கிறது என்று அக்கா சொன்னார். "மன" என்றால் நம். "மா" என்றால் எங்கள். "மீ அம்ம மன இண்ட்லோ" என்று அவன் சொல்லிக் காட்டினான். அக்கா தமிழில் திருப்பினார், அச்சாக எங்கள் வாக்கியமே வந்தது. எனக்கு அப்படியொரு நிம்மதி. அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு, உன் இடம் உறுதியாகிவிட்டது என்று சொன்னேன். அம்மா அழுகிறாள் என்று போனிலேயே தெரிந்தது.

கல்யாணத்தன்று பார்த்துப் படிப்பது இல்லை, மனப்பாடமாகச் சொல்வது. அம்மா முதல் வரிசையில் நாற்காலியில் இருந்தாள், இழுத்த காலைப் பட்டுப்புடவையால் மூடிக்கொண்டு. அந்தப் பக்கம் முதல் வரிசையில் அவனுடைய அம்மா. காலையிலிருந்து அந்த அம்மாள் முகத்தில் ஈயாடவில்லை. கல்யாண வீட்டு அலைச்சல் என்று விட்டுவிட்டேன்.

அவன் முதலில் சொன்னான். ஏற்கிறேன் என்றான், தேவையில் கூட இருப்பேன் என்றான், தமிழிலும் தெலுங்கிலும் பிசகில்லாமல். கடைசி வாக்கியம் வந்தது. எங்கள் பக்கம் திரும்பி, "உங்க அம்மா நம் வீட்டில் நம்மோடு இருப்பார்" என்றான். அம்மா கை கூப்பினாள். அந்தப் பக்கம் திரும்பினான்.

"மீ அம்ம மா இண்ட்லோ மாதோ உண்டுந்தி."

மா. உங்கள் அம்மா எங்கள் வீட்டில் எங்களோடு. எங்கள் வீட்டுக்கு வந்து அண்டியிருக்கிற ஒருத்தி. வாய் தவறிப்போனது என்று நினைக்கப் பார்த்தேன். ஆனால் வாக்கியத்தில் இரண்டு இடத்திலும் மாற்றியிருந்தான். அவனுடைய அம்மா முகம் தெளிந்தது, பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துத் தலையாட்டினாள். கணக்குப் பிரிவு அக்கா மூன்றாவது வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மண்டபத்தில் விஷயம் முழுதாகப் புரிந்தது எங்கள் மூன்று பேருக்குத்தான்.

இரண்டு அம்மாக்களுக்கு இரண்டு வாக்கு கொடுத்திருக்கிறான், இரண்டு பேரும் அவரவர் கேட்டதை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கட்டும் என்று. அதற்கு முன் அவன் சொன்ன ஏற்கிறேன், கூட இருப்பேன் எல்லாம் எனக்கு வெறும் சத்தமாகிவிட்டது.

என் முறை வந்தது. ஏற்கிறேன் என்றேன். மற்றதும் சொன்னேன். கடைசி வாக்கியத்துக்கு எங்கள் பக்கம் திரும்பி, "உங்க அம்மா எங்கள் வீட்டில் எங்களோடு இருப்பார்" என்றேன். எங்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள், பெண்ணுக்குப் பதற்றம் என்று. மாமா குனிந்து, "நம் வீடும்மா, நம் வீடு" என்று எடுத்துக் கொடுத்தார்.

"அவர் சொன்னதைத்தான் நானும் சொல்றேன் மாமா" என்றேன்.

அந்தப் பக்கம் திரும்பி அதையே தெலுங்கில் சொன்னேன். "மீ அம்ம மா இண்ட்லோ." அவனுடைய அம்மாவுக்கு உடனே புரிந்தது. என் உறுதிமொழி இரண்டு மொழியிலும் ஒன்றாகவே இருந்தது. அதை நான் தப்பென்று இன்றுவரை நினைக்கவில்லை.

தாலி கட்டும்போது எழுந்து போயிருக்கலாம். அம்மா கூப்பிய கையை இன்னும் இறக்காமல் இருந்தாள், அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தேன்.

அன்று சாயந்திரம் அவனைக் கேட்டேன். பெண்ணைக் கொடுத்தவள் மாப்பிள்ளை வீட்டில் உரிமையோடு உட்கார்ந்தால் சொந்தபந்தம் காறித் துப்பும், மன என்று சொன்னால் மண்டபத்துக்கே வர மாட்டேன் என்று அவன் அம்மா முந்தின நாள் சொல்லிவிட்டாளாம்.

"ஒரு எழுத்துதானே. எங்க பாஷையில வீட்ட 'மா'ன்னுதான் சொல்லுவோம். உங்கம்மா வந்து இருக்கப் போறது நெசம்தானே?"

வந்து இருக்கப் போவது நிஜம்தான். எப்படி இருக்கப் போகிறாள் என்பதுதான் கேள்வி. அதை அவனுக்கு எந்த மொழியில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்று மட்டும் முடிவு செய்தேன்.

மறுவீட்டுக்கு மணவாள நகர் போனோம், அவனுடைய அம்மாவும் கூட வந்தாள். திரும்பும்போது என் அம்மாவையும் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அம்மா துணிமணியைப் பையில் கட்டிக் கதவோரம் வைத்திருந்தாள். இட்லியும் வடைகறியும் பரிமாறினாள், காலை இழுத்துக்கொண்டே. சாப்பாட்டுக்கு நடுவில் அவன் நல்ல மாதிரியாகத்தான் கேட்டான், நம்ம வீட்டுக்குக் கிளம்பலாமா அத்தை என்று. நெஞ்சில் இருந்துதான் கேட்டான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மாப்ள, எனக்குத் தெலுங்கு தெரியாது. ஆனா எம்பொண்ணு அன்னிக்கி மேடையில எதுக்கு எங்க ஊடுன்னு சொன்னான்னு ரோசன பண்ணிக்கினே இருக்கறேன். அவ வாய் தவறிப் பேசறவ இல்ல. இப்ப நம்ம ஊடுன்னு சொன்னீங்க இல்ல, அத்த உங்க பாஷையில ஒருவாட்டி சொல்லுங்க. உங்கம்மா கேக்கறா மாரி."

ஒரே ஒரு வார்த்தை. அவன் பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி. வாயைத் திறந்தான். பக்கத்தில் அவனுடைய அம்மா கையில் பிட்ட இட்லியோடு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன், சொல்லிடு, சொல்லிடு என்று மனசுக்குள் கதறிக்கொண்டு. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சாப்புடுங்க மாப்ள, ஆறிடப் போவுது" என்றாள் அம்மா. அவனுடைய அம்மாவுக்கு இன்னொரு இட்லி வைத்தாள். பிறகு கதவோரம் போய்ப் பையைத் திறந்து, மாத்திரை டப்பாவை எடுத்து, ஜன்னல் மேல் இருந்த பழைய இடத்தில் வைத்தாள்.