அப்பா கணக்கும் அண்ணன் கையெழுத்தும்

அப்பா இறந்த பதினெட்டாம் நாள் வங்கிக்குக் கடிதம் அடித்தேன். தட்டச்சுப் பள்ளியில் பழகிய கடிதங்கள் எல்லாம் ‘மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்’ என்றே தொடங்கும். விரல் தன் பாட்டுக்கு அதையே அடித்துவிட்டது. படித்துக் காட்டச் சொன்ன அம்மா அந்தத் துக்கத்திலும் சிரித்துவிட்டாள். தாளைக் கிழித்துப் போட்டு, கணக்கு எண், இறந்த தேதி, இருப்புத் தொகையைப் பெற என்னென்ன ஆவணங்கள் தேவை என்ற கேள்வி, இவ்வளவோடு நிறுத்தினேன்.

அம்மாவும் நானும் நேரில் கொண்டுபோனோம். ஸ்ரீவில்லிபுத்தூர் கிளை அதிகாரி அதை வாங்கிப் படித்தார். “நாமினி போட்டிருக்காரான்னு பழைய ஃபாரத்தத் தேடணும்மா. போட்டிருந்தா இறப்புச் சான்றிதழ், பாஸ்புக், நாமினி கையெழுத்து போதும். இல்லைன்னா தாசில்தார் தர்ற வாரிசுச் சான்றிதழ் வேணும். வாரிசுக எல்லாரும் கையெழுத்துப் போடணும்.”

“எல்லாருமா? அப்ப பெரியவனும் போடணும்லா?” என்றாள் அம்மா. அவ்வளவு சந்தோஷமாக ஒரு விதிமுறையைக் கேட்டவர் வேறு யாரும் இருக்க முடியாது.

அண்ணன் பட்டாளத்தில் இருந்தான். ராஜபாளையத்துத் தெலுங்குக்காரப் பெண்ணைக் கட்டியதற்காக அப்பா வீட்டைவிட்டுத் துரத்தினார். நாலு வருஷமாக அவன் வரவில்லை. சாவுக்குத் தந்தி கொடுத்தும் வரவில்லை.

“அம்மா கூப்புடுதான்னு எழுதுனா வீம்பு பண்ணுவான். பேங்க்ல ரூலுன்னு எழுது. பட்டாளத்தான் ரூலத் தட்டமாட்டான். நேர்ல வரணும்னு போடு, ஏட்டி” என்றாள் அம்மா.

எழுதிப் போட்டேன். பத்து நாளில் வங்கியிலிருந்து தபால் வந்தது. அப்பா முறையாக அம்மாவையே நாமினியாகப் போட்டிருந்தார். வேறு யார் கையெழுத்தும் வேண்டியதில்லை. நல்ல சேதிதானே என்று அவசரமாகப் பேனாவைத் தேடினேன், அண்ணனுக்குத் தெரிவிக்க.

அம்மா கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். “வாயத் தெறக்காத. அவன் வரட்டும்.”

 பொய் என் கையெழுத்தில் அல்லவா போயிருக்கிறது! அதற்குமேல் ஒரு மாதம் கழித்து அண்ணன் வந்தான், மனைவியோடும் மூன்று வயது மகளோடும். வாசலில் நின்றபடியே, “கையெழுத்துப் போட்டுட்டு சாயங்காலமே மாமனார் வீட்டுக்குப் போயிருவோம்” என்றான். அம்மா தலையை ஆட்டினாள். பேத்தியைத் தூக்கியவள் வங்கிக்குள் போன பிறகும் இறக்கவில்லை.

அதிகாரி அண்ணனைப் பார்த்துக் குழம்பினார். “இவரு எதுக்கு? நாமினி அம்மாதான்னு அப்பவே லெட்டர் போட்டோமே. இவரு கையெழுத்து தேவையே இல்ல.”

அண்ணன் என்னை முறைத்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

“அவள ஏம்ல பாக்க? நான்தான் எழுதச் சொன்னேன்” என்றாள் அம்மா. “பேங்குக்கு நீ வேண்டாம்யா. எனக்கு வேணும்.”

 அண்ணன் குழந்தையை அம்மாவின் தோளில் சரியாகச் சாய்த்து வைத்துவிட்டு, “லீவு இன்னும் இருவது நாள் கெடக்கும்மா” என்றான்.