தேவி, அடியாரை

செஞ்சியில் மைக் செட் வைத்துப் பிழைப்பவன் நான். எந்தப் பாட்டு யார் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும் என்ற திமிர் இருந்தது. அந்தத் திமிரை நினைத்தால் இன்றும் என் மீதே கோபம் வருகிறது.

காலனியைச் சேர்ந்த ஒரு டீச்சர் போன ஆடியில்தான் எங்கள் தெரு அம்மன் கோயில் மேடையில் முதன்முதலாகப் பாடினார். ‘தேவி, அடியாரைக் காத்தருள்’ என்று ஒரு வரி. ராகத்தில் இழுத்தபோது இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டன. ‘அடியா’ வரை வந்து மூச்சு வாங்கினார். ‘ரை’யின் மேல் பம்பை அடி விழுந்து அதை விழுங்கிவிட்டது. அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் எவனோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி, கீழே பச்சையான வசையை எழுதி வாட்ஸ்அப்பில் விட்டான். படித்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். மேடையருகிலேயே நின்றிருந்த எனக்கும் வசைதான் கேட்டது.

காது பாதியைத்தான் கொடுக்கிறது. மீதியை மூளை இட்டு நிரப்புகிறது. கைக்கு எட்டும் சொல்லை எடுத்துப் போடுகிறது. ‘அடியார்’ என்று தினசரி யார் பேசுகிறோம்? வசையோ சிறுவயதில் அதைச் சொல்லி வாங்கிய அறையோடு சேர்ந்து மனத்தில் பதிந்தது, உரக்கச் சொல்லக் கூடாதது, அதனாலேயே விழித்துக்கொண்டு கிடப்பது. திட்டு காதில் விழாமல் போவதைவிட இல்லாத திட்டு விழுவதே மேல் என்று மூளை உஷாராக இருக்கிறது. அதோடு, பாடுவது யார் என்பதும் எங்கள் தெருவுக்குத் தெரியும். எழுத்தாகவும் பார்த்துவிட்டால் முடிந்தது கதை. பிறகு வேறு மாதிரி கேட்காது.

தெருக்காரர்கள் கோயில் முன் கூடினார்கள். டீச்சர் மன்னிப்புக் கேட்க வேண்டும், இனி மேடை கிடையாது என்றார்கள். என்னிடம் முழுப் பாட்டின் பதிவு இருந்தது. முழுசாகக் கேட்டால் தெளிந்துவிடும் என்று வீராப்பாகப் போட்டேன்.

“அந்தக் கெட்ட வார்த்தை இதுல இருக்குதான்னு நீங்களே நல்லா கேளுங்க.”

கேட்டார்கள். எல்லோருக்கும் இருந்தது.

“இன்னாபா, நீயே சாட்சி கொண்டாந்துட்ட,” என்றார் ஒரு பெரியவர்.

டீச்சர் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் தாய்வீட்டிலிருந்து திரும்பிய என் மனைவிக்கு இந்தச் சமாசாரமே தெரியாது. ஒன்றும் சொல்லாமல் பாட்டைப் போட்டு, கேட்டதை எழுதச் சொன்னேன். ‘தேவி அடியாரைக் காத்தருள்’ என்று எழுதினாள். எதைத் தேட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அத்தனை பேரையும் கேட்க வைத்த முட்டாள் நான்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“உடுங்கண்ணா. நானும் போட்டுப் போட்டுக் கேட்டுட்டேன். எனக்கே அப்பிடித்தான் கேக்குது. அங்க மன்னிப்புக் கேட்டப்ப நான் பொய் சொல்லல.”