ஜார் விலையில் மிக்ஸி

மிக்ஸிக் கடை அக்காவுக்குக் கோபம் ஏறினால் குரல் இறங்கிவிடும். அன்று அவள் பேசியது பக்கத்தில் நின்ற கடைத் தம்பிக்கே சரியாகக் கேட்கவில்லை.

போன வாரம் மிக்ஸி ஜாருக்குப் போட்ட சலுகைப் பதிவில் படத்தை மட்டும் மிக்ஸியாக மாற்றி அன்று காலை போட்டவன், ஜாரின் விலையை அப்படியே விட்டிருந்தான்.

"அழிச்சிடறேங்க்கா. போடவே இல்லைன்னு சொல்லிடலாம்."

"ஊரே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கு. அழிக்காத. விலையத் திருத்தி, முன்னாடி போட்டது தப்புன்னு மேலேயே எழுது."

அவன் எழுதி முடிப்பதற்குள், வேலை முடிந்த நர்ஸ் ஒருத்தி போனை நீட்டியபடி வந்துவிட்டாள்.

"விலை தப்பா விழுந்துடுச்சுங்க," என்றான் தம்பி.

"நீங்கதானே காலையில 'ஓகே, வாங்க'ன்னு அனுப்புனீங்க? ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்."

அக்கா அந்தச் செய்தியைப் படித்தாள். பதிவில் விழுந்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டுவிடலாம். வாங்க என்று கடையே கூப்பிட்டபின் எந்த முகத்தோடு இல்லையென்பது?

"இவங்களுக்கு அந்த விலைக்கே பில் போடு. கேட்டுட்டு மட்டும் இருக்கிறவங்களுக்குச் சரியான விலையச் சொல்லு. இன்னும் எத்தனை பேருக்குடா ஓகே சொன்ன?"

"பதினோரு பேருக்கு."

"விலையப் பாக்காமலா?"

"எல்லாரும் ஒரே நேரத்துல கேட்டாங்கக்கா. வியாபாரம் நல்லாப் போகுதுன்னு நெனச்சேன்."

அக்கா, இருப்பில் பதினோரு மிக்ஸி இருக்கிறதா என்று பார்க்க உள்ளே போனாள்.