திட்டு வாங்குகிற டார்ச்

எங்கள் வார்டில் அவளுக்கு டார்ச் என்றுதான் பெயர். தலையில் அடிபட்டு வருகிறவர்களை மணிக்கொரு தரம் எழுப்பி, கண்ணில் விளக்கடித்துப் பார்ப்பது எல்லா நர்சுகளுக்கும் உள்ள வேலைதான். ஆனால் இவளைப்போல் திட்டு வாங்கியவர்கள் கிடையாது. திட்டினால் இவளுக்குச் சந்தோஷம் வேறு! அதே வேலை பார்க்கும் எனக்கோ, திட்டு விழுந்தால் பற்றிக்கொண்டு வரும்.

அன்று ஜன்னலோரக் கட்டிலில் ஏணியிலிருந்து விழுந்த பெயின்டர். மூளையோரம் கொஞ்சம் இரத்தக்கசிவு. கழுத்தெலும்புக்கு ஒன்றுமில்லை என்று ஸ்கேனில் தெரிந்திருந்தது. காலையில் எழுப்பியபோது, "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று சீறினார். டார்ச் வாயெல்லாம் பல்லாக வந்தாள்.

மதியம் அவர் மனைவி டார்ச்சை வழிமறித்தாள். "இப்பத்தான் அசந்து தூங்கறாரு. விடுங்க சிஸ்டர்." கணவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று இன்னொரு தலையணையைச் செருகி, முகத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். கழுத்து மடிந்து கிடந்தது.

"தூங்கறாரா மயங்கறாரான்னு எழுப்பினாத்தாம்மா தெரியும்."

டார்ச் அவரைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. தோளை அழுத்திக் கிள்ளியதும் கண் பாதி திறந்தது. எங்கே இருக்கிறார் என்று கேட்டால் ஏதோ உளறினார். கையைப் பிடிக்கச் சொன்னால் வலது கை தொளதொளவென்று இருந்தது. இடது கண்மணி பெரிதாகி, விளக்கடித்தும் மெல்லத்தான் சுருங்கியது.

"இவரு என்னத் திட்டலடி," என்றாள் என்னிடம். அவள் முகம் வெளுத்து நான் அன்றுதான் பார்த்தேன்.

டாக்டரைக் கூப்பிட நான் ஓடினேன். திரும்பி வருவதற்குள் கூடுதல் தலையணை தரையில் கிடந்தது. கட்டிலின் தலைமாட்டைப் பாதிச் சாய்வுக்கு உயர்த்தி, மூக்கும் தொப்புளும் ஒரே நேர்கோட்டில் வரும்படி தலையை நிமிர்த்தி, ஆக்சிஜனும் வைத்துவிட்டிருந்தாள். கழுத்து மடங்கினால் தலையிலிருந்து இரத்தம் இறங்க வழியில்லாமல் உள்ளே அழுத்தம் இன்னும் ஏறும். டாக்டர் பார்த்தார், மருந்து ஏற்றச் சொன்னார், உடனே ஸ்கேன். கசிவு பெருகியிருந்தது. நேரே ஆபரேஷன்.

மனைவி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். "நான் வச்ச தலகாணியாலயா சிஸ்டர்?"

"இல்லம்மா. உள்ள ரத்தம் கசிஞ்சதாலதான். தலகாணி நல்லதில்ல, ஆனா காரணம் அதில்ல. உன் மேல பழியப் போட்டுக்காத."

அந்தப் பெண் டார்ச்சின் கையை விடவேயில்லை.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து அவர் வந்த பிறகும் டார்ச் விடுவாளா? மறுநாள் காலை, நேராக வைத்த தலைக்கு மேல் குனிந்து விளக்கடித்தாள். இரண்டு கண்மணியும் ஒன்றுபோல் சட்டென்று சுருங்கின.

"என் கையைப் பிடிங்க பாப்போம்."

வலது கை இறுக்கிப் பிடித்தது. பிறகு கரகரத்த குரல் வந்தது. "நீ மறுபடியும் வந்துட்டியா? மனுசனத் தூங்க விடும்மா!"

மனைவி சிரித்தாள், அழுதாள், இரண்டையும் ஒன்றாகவே செய்தாள். டார்ச் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தடவ திட்டுங்க," என்றாள்.