மூன்றாம் தடவை எழுதிய விடை

கண்டி மாநகரசபையில் எழுதுவினைஞராக வேலை பார்த்தபடியே சட்டம் படிக்கும் நிரஞ்சனி, குடும்பச் சட்டப் பாடத்தில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியவள். இரண்டு முறையும் ஒரே கேள்வி, ஒரே பிழை. கணவன் அடித்து வெளியே தள்ளிவிட்டான், வீடோ மாமியார் பேரில், மனைவிக்கு ஆலோசனை கூறுக என்று கேட்டால் எவளுக்குத்தான் கை நிற்கும்? அவளுடைய சொந்தக் கதையல்லவா அது. நீதிமன்றம் போனால் வீடு மனைவிக்கே என்று இரண்டு தரமும் ஆணித்தரமாக எழுதினாள்.

எட்டு வருசத்துக்கு முன்னால் கணவன் மோகனராஜ் அவளைப் பிள்ளையோடு வாசலுக்கு வெளியே தள்ளிப் பூட்டியபோது, வீடு உன் பேரில் இல்லை, வாயை மூடு என்றுதான் ஊரே சொன்னது. அவள் கேட்கவில்லை. பொலிசில் முறைப்பாடு கொடுத்து, நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பித்தாள். இடைக்காலக் கட்டளை வந்தது, பதினான்கு நாளுக்குள் விசாரணை வந்தது, கடைசியில் பாதுகாப்புக் கட்டளையும் வந்தது. அவள் வீட்டுக்குள் நுழைவதை அவன் தடுக்கக் கூடாது, அவனே அங்கே கால் வைக்கவும் கூடாது. அன்று முதல் மாமியார் இரத்தினம்மாவோடு அதே வீட்டில் இருக்கிறாள். அந்த வெற்றிதான் பரீட்சையில் அவள் கண்ணை மறைத்தது.

மூன்றாவது முறைக்கு முன்னால் விரிவுரையாளர் அவளைக் கூப்பிட்டு, உங்கள் கதையை எழுதாதீர்கள், கேள்விக்கு விடை எழுதுங்கள் என்று காரமாகவே சொல்லிவிட்டார். நல்ல மனுசர், ஆனால் நாக்கில் மிளகாய்.

மண்டபத்தில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் மனைவி இருப்பதைத் தடுக்கக் கூடாதென்று நீதிமன்றம் கணவனுக்குக் கட்டளையிடலாம். வீடு யார் பேரில் என்பது அதைத் தடுக்காது. இருதரப்பின் தங்குமிடத் தேவையையும் நீதவான் பார்ப்பார். கட்டளையை மீறினால் குற்றம். ஆனால் உரிமை கைமாறாது. கட்டளை கூடிப்போனால் பன்னிரண்டு மாதத்துக்குத்தான்.

பன்னிரண்டு மாதம் என்று எழுதியதும் பேனை நின்றது. அவளுடைய கட்டளை முடிந்து ஏழு வருசமாகிறதே. அதை அவள் நீட்டிக்கவுமில்லை. பிறகு இவ்வளவு காலம் யார் தன்னை இருக்கவிட்டது? மீதியையும் எழுதி முடித்தாள்.

ஒரு மாதம் கழித்துப் பெறுபேறு வந்தது. சித்தியடைந்திருந்தாள். குட்ஷெட் பஸ் நிலையத்தில் நின்றபடி கைபேசியைப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டாள். அப்பாடா, தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, அப்படி என்னதான் எழுதினாய் என்று கேட்டார் இரத்தினம்மா.

"வீடு ஒங்களதுதான்னு எழுதினேன் மாமி. கோர்ட்டு ஒரு வருசத்துக்குத்தான் குடுத்துச்சு."

"அது எனக்குத் தெரியும். வருசம் முடிஞ்ச அன்னைக்கே அவன் வந்து நின்னான். நான்தான் கதவத் தொறக்கல. நீ கை கழுவிட்டு வா, சாப்புடுவோம்."